24.96 எங்கிருந்து வந்தது? நேர்காணலுக்கு எத்தனை CAD மாடல்கள் வேண்டும்?

திருமங்கலம் டிப்ளமோ | ஜூன் 3, இரவு 9.40

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஓராண்டு ஆகிறது. சென்ற வாரம் கோயம்புத்தூரில் பம்பு உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் டிசைன் பணிக்கான நேர்காணலுக்குப் போயிருந்தேன். மடிக்கணினியில் 23 மாடல்களைக் கொண்டு சென்றேன். வி8 எஞ்சின், கார் சக்கரம், டிரோன், ரோபோ கை எனப் பெரும்பாலானவை காணொளிகளைப் பார்த்துச் செய்தவை. நேர்காணல் செய்தவர் அவற்றை இரண்டே நிமிடங்களில் தள்ளிக்கொண்டே வந்து, ஒரு பேரிங் ஹவுசிங்கில் மட்டும் நின்றார். அது எங்கள் ஊர் மிளகாய் அரைக்கும் மில்லில், பழைய ஹவுசிங்கைக் கழற்றி வைத்திருந்தபோது நானே அளந்து வரைந்தது. ஷாஃப்ட்டில் 24.96 மில்லிமீட்டர் என்றும் ஹவுசிங் துளையில் 52.07 என்றும் போட்டிருந்தேன். "24.96 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். அளந்தேன் என்றேன். "52.07?" என்றார். அதையும் அளந்தேன் என்றேன். மடிக்கணினியை என் பக்கம் திருப்பிவிட்டார்.

இன்னும் மாடல்களைச் சேர்க்க வேண்டுமா, அல்லது ரெண்டரிங் வகுப்பில் சேர வேண்டுமா என்று குழம்பி நிற்கிறேன்.

மேலூர் சிவில் | ஜூன் 3, இரவு 10.15

வீட்டு பிளான்கள் பத்தாவது இருக்க வேண்டும், தம்பி. எலிவேஷன் ஒன்றை வண்ணத்தில் அச்சிட்டுக் கையில் கொண்டு போங்கள். அனுமதிக்குக் கொடுத்த வரைபடம் ஏதேனும் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் வேலைக்குச் சேர்ந்தேன்.

கப்பலூர் வடிவமைப்பாளர் | ஜூன் 3, இரவு 11.05

மேலே சொல்லியிருப்பது கட்டட வரைபடத்துக்குப் பொருந்தும். இவர் கேட்பது இயந்திர உறுப்புகளைப் பற்றி.

பதினாறு ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறேன். வேலை கேட்டு வருபவர்களின் கோப்புகளை மேசைக்கு மறுபக்கத்தில் இருந்து பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர் சரியான இடத்தில்தான் நின்றார். வி8 எஞ்சினை மாதத்துக்கு நான்கு பேர் கொண்டு வருகிறார்கள், நான்கிலும் ஒரே பிஸ்டன்தான் இருக்கும். உங்கள் 23 மாடல்களில் உங்களுடையது என்று சொல்லத்தக்கது அந்த ஹவுசிங் ஒன்றுதான். அதில் அவருக்கு ஆர்வம் இருந்ததால்தான் கேள்வி கேட்டார். மற்ற 22 மாடல்களையும் எடுத்துவிடுங்கள்.

அளவு விஷயத்துக்கு நாளை வருகிறேன். அதற்குள் இரண்டு தகவல்கள் வேண்டும். பேரிங்கின் பக்கவாட்டில் என்ன எண் பொறிக்கப்பட்டிருந்தது? ஹவுசிங் துளையின் உட்சுவரில் ஊசியால் குத்தியதுபோல் புள்ளிகள் இருந்தனவா?

திருமங்கலம் டிப்ளமோ | ஜூன் 4, காலை 7.20

6205 ZZ. புள்ளிகள் இருந்தன, சார். சுற்றிலும் வரிசையாக இருந்தன. அது வார்ப்பில் வந்த குறை என்று நினைத்து மாடலில் சேர்க்காமல் விட்டுவிட்டேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பேரிங் மாற்றுவதாக மில்காரர் சொன்னார்.

கப்பலூர் வடிவமைப்பாளர் | ஜூன் 4, இரவு 10.30

அவை வார்ப்புக் குறைகள் அல்ல. ஹவுசிங்கில் பேரிங் தளர்ந்து சுற்ற ஆரம்பித்ததும், ஒரு மெக்கானிக் சென்டர் பஞ்சால் சுவரில் புள்ளி குத்தி, எழும்பிய விளிம்புகளில் பேரிங் இறுகும்படி செய்திருக்கிறார். சில வாரங்கள் தாங்கும், பிறகு அந்த விளிம்புகளும் தேய்ந்துவிடும். நீங்கள் அளந்தது தேய்ந்து, பஞ்ச் அடிக்கப்பட்டு, மறுபடியும் தேய்ந்த ஒரு துளை. அந்த அளவை 52.07 என்று வரைபடத்தில் எழுதிக் கொடுத்தால், அடுத்து செய்யப்படும் புது ஹவுசிங் பிறக்கும்போதே தேய்ந்ததாகப் பிறக்கும். நேர்காணலில் உங்களிடம் கேட்கப்பட்டது இதுதான்.

6205 என்ற எண்ணிலேயே தொடங்குங்கள். உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். இந்த மூன்றையும் யாரும் அளக்க வேண்டியதில்லை, எந்தத் தயாரிப்பாளரின் பட்டியலிலும் இவைதான் இருக்கும். பெல்ட்டின் இழுவை எப்போதும் ஒரே திசையில் இருக்க, ஷாஃப்ட்டும் உள்வளையமும் சுற்றுகின்றன. ஆகையால் உள்வளையத்தின் ஒவ்வொரு இடமும் மாறி மாறிச் சுமையின் கீழ் வரும், தளர்வு இருந்தால் அது ஷாஃப்ட்டின்மேல் மெல்ல நழுவித் தேய்க்கும். அதற்காகத்தான் ஷாஃப்ட்டுக்கு 25 k6, அதாவது 25.002 முதல் 25.015 வரை, இறுக்கமாகக் கொடுக்கிறோம். உங்கள் 24.96 எந்த வடிவமைப்பாளரும் எழுதிய எண் அல்ல, பல ஆண்டு நழுவலின் தடம். வெளிவளையம் நிற்கிறது, சுமை அதன் ஒரே இடத்தில் விழுகிறது, எனவே ஹவுசிங்குக்கு 52 H7, அதாவது 52.000 முதல் 52.030 வரை போதும்.

ஒரு கோப்பில் மூன்று பணிகள் மட்டும் இருக்கட்டும். இது முதலாவது. இதற்கு ஒரு பக்க அட்டவணை எழுதுங்கள்: அளந்தது என்ன, முடிவு செய்தது என்ன, ஏன். அளந்த எண்ணை மறைக்காதீர்கள், 52.07க்கு எதிரே 52 H7 என்றும், அதற்கு எதிரே பஞ்ச் புள்ளிகளின் புகைப்படத்தையும் வைத்தால், அந்தப் பக்கத்தை நான் ரெண்டர் செய்த எந்தப் படத்தைவிடவும் அதிக நேரம் பார்ப்பேன்.

இன்னொன்று. நீங்கள் அளந்தது வெர்னியரில் என்றால் அதன் மீச்சிற்றளவு 0.02. மேலும் அதன் உள்தாடைகளின் முனை தட்டையாக இருப்பதால் துளையைச் சற்றுக் குறைவாகவே காட்டும். 52.07 என்பதும் உறுதியான எண் அல்ல. ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டரிலும் துளையைப் போர் கேஜிலும் ஒரு முறை பாருங்கள்.

புதூர் லேத் | ஜூன் 5, காலை 6.10

முப்பது வருடமாக லேத் ஓட்டுகிறேன். தம்பி, H7 போட்டால் பேரிங் கையாலேயே உள்ளே போகும், அப்படிப் போனால் மில்லில் நிற்காது. மிளகாய் மில்லுக்கு நான் எப்போதும் இரண்டு பக்கமும் இறுக்கமாக, பிரஸ்ஸில் அழுத்தித்தான் போடுகிறேன். புத்தகத்தில் உள்ளதை மில்காரர் ஏற்க மாட்டார். தளர்ந்துதான் அந்த ஹவுசிங் தேய்ந்தது என்று நீங்களே சொல்கிறீர்களே?

கப்பலூர் வடிவமைப்பாளர் | ஜூன் 5, இரவு 9.15

இரண்டு ஹவுசிங்கும் இறுக்கமாக இருந்தால் ஷாஃப்ட் நீள்வதற்கு இடமில்லாமல் போகும். இரண்டு பேரிங்குகளுக்கு இடையே 280 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மில்லின் உடலைவிட ஷாஃப்ட் 20 டிகிரி கூடுதலாகச் சூடானால், எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் விரிவதால், நீட்சி 0.067 வரும். அந்த நீட்சி முழுவதும் குண்டுகளைப் பக்கவாட்டில் நெருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு பேரிங் போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு பக்கம் பிடித்து நிற்க வேண்டும், மறு பக்கம் நகர வேண்டும்.

கப்பலூர் வடிவமைப்பாளர் | ஜூன் 5, இரவு 11.50

மேலே எழுதியதை அனுப்பிய பின்பும் புதூர் அண்ணன் கேட்டது மனத்தை விட்டுப் போகவில்லை. அவர் சொன்னதில் பாதி சரி, நான் நேற்று எழுதியதில் ஒரு பாதி விடுபட்டுப்போனது.

இது சாதாரணக் கவுண்டர் ஷாஃப்ட் அல்ல, அரைக்கும் சுத்தியல்கள் தொங்கும் ரோட்டர். சுத்தியல்கள் சமமாகத் தேயாதபோது எடை ஒரு பக்கம் கூடுகிறது. அந்தக் கூடுதல் எடையின் விசை ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும். அப்போது நிற்கும் வெளிவளையத்தின் எல்லா இடங்களிலும் சுமை மாறி மாறி விழும், அது ஹவுசிங்கில் நழுவத் தொடங்கும். ஆக, பெல்ட் இழுவை பெரிதாக இருந்தால் H7 போதும். சமநிலையின்மையும் அதனோடு போட்டி போடும் அளவுக்கு வளர்ந்தால் ஹவுசிங்கை J7 அல்லது K7 வரை இறுக்க வேண்டியிருக்கும். 52க்கு K7 என்றால் 52.009 முதல் 51.979 வரை.

டிப்ளமோ தம்பி, இதில் எது பெரிது என்பது எனக்குத் தெரியாது, ஏனென்றால் அந்த மில்லை நான் பார்த்ததில்லை. நீங்கள் கண்டுபிடிக்கலாம். துளையை பெல்ட் இழுக்கும் திசையில் ஒரு முறையும் அதற்குச் செங்குத்தாக ஒரு முறையும் அளந்து பாருங்கள். தேய்வு ஒரு பக்கமாக இருந்தால் பெல்ட், சுற்றிலும் சமமாக இருந்தால் சுத்தியல்.

விளாங்குடி | ஜூன் 7, பகல் 2.30

என் நிலைமை வேறு. ஷீட் மெட்டல் பெட்டிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் வரைந்தேன். குழந்தை பிறந்த பின் ஐந்தாண்டு இடைவெளி. இப்போது மறுபடி தேடுகிறேன். என்னிடம் நல்ல வரைபடங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு, ஆனால் ஒன்றைக்கூட வெளியே காட்ட முடியாது, எல்லாம் அந்த நிறுவனத்துக்குச் சொந்தம். பெயர்ப் பட்டியை மட்டும் அழித்துவிட்டுக் காட்டலாம் என்று தோழி ஒருத்தி சொல்கிறாள். அது சரியாகுமா?

கப்பலூர் வடிவமைப்பாளர் | ஜூன் 7, இரவு 8.40

கூடாது. பெயர்ப் பட்டியை அழித்த வரைபடத்தை என்னிடம் ஒருவர் காட்டினால், நாளை எங்கள் வரைபடத்தையும் இப்படித்தான் காட்டுவார் என்றே எனக்குத் தோன்றும். அந்த நான்காண்டு அனுபவத்தைப் புதிதாக ஒரு சிறு பொருளில் காட்டுங்கள். இந்த மில்லுக்குப் பெல்ட்டை மூடும் பாதுகாப்புத் தகடு, அதாவது ஒரு பெல்ட் கார்டு, தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

விளாங்குடி | ஜூன் 11, இரவு 10.05

டிப்ளமோ தம்பி அனுப்பிய அளவுகளை வைத்துப் பெல்ட் கார்டை 2 மில்லிமீட்டர் தகட்டில் வரைந்தேன். நான்கு மடிப்புகள். மென்பொருளில் தானாக இருந்த K மதிப்பு 0.4, உள் ஆரம் 2. முன்பு வேலை செய்த இடத்தில் அதற்கான அட்டவணை இருந்தது, இப்போது இல்லை. ஆகவே எங்கள் வீட்டுக்கு அருகே உள்ள பட்டறையில் 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டையை வெட்டி 90 டிகிரி மடித்துத் தரச் சொன்னேன். வெளிப்புறமாக அளந்தால் ஒரு கை 61.2, மறு கை 42.2. கூட்டினால் 103.4. அதாவது ஒரு மடிப்புக்கு 3.4 கழிக்க வேண்டும். மென்பொருள் கழித்தது 3.6. கீழே R உள் ஆரம், T தகட்டின் தடிமன், BA மடிப்பு வளைவில் போகும் நீளம்.

```
BA = 1.5708 × (R + K × T)
கழிவு = 2 × (R + T) - BA
1.5708 × (2 + 0.4 × 2)  = 4.40   ->  8 - 4.40 = 3.6
1.5708 × (2 + 0.46 × 2) = 4.59   ->  8 - 4.59 = 3.4
```

அந்தப் பட்டறையின் டைக்கும் அந்தத் தகட்டுக்கும் K 0.46. மடிப்புக்கு 0.2 தவறினால் நான்கு மடிப்புகளில் 0.8 குறைந்துபோகும், கார்டின் கடைசி ஓட்டை ஹவுசிங் போல்ட்டின்மேல் உட்காராது. மடித்த பட்டையையும் வரைபடத்தையும் சேர்த்து ஒரே உறையில் வைத்திருக்கிறேன். நேர்காணலில் பட்டையையும் கையில் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். வேறு பட்டறைக்குப் போனால் இந்த எண் மாறும் என்பதையும் வரைபடத்தின் ஓரத்திலேயே குறிப்பிட்டுவிட்டேன்.

கப்பலூர் வடிவமைப்பாளர் | ஜூன் 12, காலை 6.50

பட்டையைக் கட்டாயம் கொண்டு போங்கள்.

கப்பலூர் வடிவமைப்பாளர் | ஜூன் 14, இரவு 9.30

ஜூன் 3இல் 22 மாடல்களையும் எடுத்துவிடச் சொன்னேன். அதில் ஒரு திருத்தம். ரோபோ கையின் அசெம்பிளியில் இணைப்புகள் உண்மையில் நகரும்படி செய்திருந்தால் அதை மூன்றாவதாக வைக்கலாம், ஆனால் அதை எந்தக் காணொளியைப் பார்த்துச் செய்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னும் முக்கியமான ஒன்று. நான் நேர்காணல் செய்யும்போது மாடலைத் திறந்து ஒரே ஒரு எண்ணை மாற்றச் சொல்வேன். உங்கள் ஹவுசிங்கில் 6205ஐ எடுத்துவிட்டு 6206 போடுங்கள். அதாவது துளை 62, அகலம் 16, ஷாஃப்ட் 30. மாற்றிவிட்டு என்ன நடக்கிறது என்று இங்கே எழுதுங்கள்.

திருமங்கலம் டிப்ளமோ | ஜூன் 15, மாலை 5.45

துளையை 62 ஆக்கினேன். பட்டியலில் பதினான்கு இடங்கள் சிவப்பாகின. போல்ட் ஓட்டைகள் நான்கும் அடித்தட்டை விட்டு வெளியே போய்விட்டன, சர்க்ளிப் காடி காணாமலே போனது. இரண்டு நாள் செய்த வேலை என்பதால் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

கப்பலூர் வடிவமைப்பாளர் | ஜூன் 15, இரவு 10.20

காரணம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். போல்ட் ஓட்டையின் இடத்தை ஏதோ ஒரு ஃபில்லெட்டின் விளிம்பிலிருந்து அளந்திருப்பீர்கள். துளை பெரிதானதும் சுவர் தடித்தது, ஃபில்லெட் நகர்ந்தது, ஓட்டையும் கூடவே ஓடிப்போனது. அளவுகளை அடித்தட்டின் கீழ்ப்பரப்பு, துளையின் மையத் தளம் ஆகிய இரண்டிலிருந்து மட்டும் கொடுங்கள், ஏனென்றால் பட்டறையிலும் முதலில் அடியைச் சமமாக்கிவிட்டு, அதை வைத்துத்தான் துளையைக் குடைவார்கள். ஃபில்லெட்டுகளைக் கடைசியில் போடுங்கள். சுவர் தடிமனை எண்ணாக எழுதாமல் உறவாக எழுதுங்கள்:

```
"Wall"  = 10
"HsgOD" = "BrgOD" + 2 * "Wall"
```

சர்க்ளிப் காடியை மட்டும் சூத்திரத்தில் கட்டாதீர்கள். 52 துளைக்குக் காடியின் விட்டம் 55, 62க்கு 65, அகலம் இரண்டுக்கும் 2.15, இவை தர அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டிய எண்கள், இரண்டு இடத்தில் வித்தியாசம் 3 என்று வந்துவிட்டதால் எல்லா அளவுக்கும் 3 என்று எண்ணிவிடக் கூடாது.

திருமங்கலம் டிப்ளமோ | ஜூன் 19, இரவு 11.15

முதலிலிருந்து மறுபடி வரைந்தேன். கல்லூரி ஆய்வகத்தின் மாணவர் பதிப்பு இப்போது கிடைக்காததால் இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட் 1.0இல் செய்தேன். அளவுகளை அதன் விரிதாளில் வைத்தேன். 62 போட்டால் ஒரே ஓர் இடத்தில் மட்டும் சிவப்பு வருகிறது, அது சர்க்ளிப். ஃப்ரீகேட் கோப்பைக் காட்டினால் குறைவாக நினைப்பார்களா?

கப்பலூர் வடிவமைப்பாளர் | ஜூன் 20, காலை 7.00

சில இடங்களில் நினைப்பார்கள். அங்கே அவர்கள் மென்பொருளில் ஒரு மணி நேரத் தேர்வு வைப்பார்கள், அதற்கு நீங்கள் தனியாகத் தயாராக வேண்டும். ஆனால் வரைபடத்தை எந்த மென்பொருளில் வரைந்தாலும் தாளில் ஒன்றுதான். மூன்று வரைபடங்களையும் A3 தாளில் அச்சிட்டுக் கொண்டு போங்கள், ஃபர்ஸ்ட் ஆங்கிள் குறியீடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. மாடலை ஸ்டெப் கோப்பாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் நேர்காணல் ஒன்றில் மாட்டுத்தாவணியில் இரவுப் பேருந்து ஏறி, விடிய விடியப் பயணம் செய்து, அங்கே அசெம்பிளியைத் திறந்தால் பாதி பாகங்கள் இல்லை. தாய்க்கோப்பை மட்டும் பென் டிரைவில் போட்டு, பாகங்களை வீட்டுக் கணினியிலேயே விட்டுவிட்டிருந்தேன். சாலிட்வொர்க்ஸில் `Pack and Go` என்று ஒரு கட்டளை இருப்பதை அன்று மாலைதான் தெரிந்துகொண்டேன். கையில் அச்சிட்ட தாள் ஒன்று இருந்திருந்தால் அதை வைத்தாவது பேசியிருப்பேன். அன்றிலிருந்து தாளில்லாமல் எங்கும் போனதில்லை.

புதூர் லேத் | ஜூன் 22, பகல் 1.20

தம்பி நேற்று ஹவுசிங்கைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான். போர் கேஜ் போட்டுப் பார்த்தோம். பெல்ட் இழுக்கும் திசையில் 52.09, குறுக்கே 52.06. ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டரில் பார்த்தால் 24.95. பையன் நன்றாக அளக்கிறான், கையில் நடுக்கம் இல்லை.

கப்பலூர் வடிவமைப்பாளர் | ஜூன் 22, இரவு 9.50

H7இன் மேல் எல்லை 52.03. அதனால் இரண்டு திசையிலும் தேய்ந்திருக்கிறது, பெல்ட் பக்கம் கொஞ்சம் கூடுதல். இரண்டு காரணமும் சேர்ந்தே வேலை செய்திருக்கின்றன என்றுதான் படிக்க முடிகிறது. புள்ளி குத்திய சுவர் என்பதால் இந்த 0.03 வித்தியாசத்தை நான் முழுதாக நம்பமாட்டேன். புள்ளி இல்லாத இடத்தில் கேஜ் முனை உட்கார்ந்ததா?

புதூர் லேத் | ஜூன் 23, காலை 6.00

புள்ளியை விட்டு விலக்கித்தான் பிடித்தோம். ஆனாலும் இரண்டு பக்கமும் இறுக்கம் என்றுதான் நான் சொல்வேன். என் கையால் போட்டது இரண்டு வருடம் ஓடியிருக்கிறது.

திருமங்கலம் டிப்ளமோ | ஜூன் 25, இரவு 10.40

புல்லி இருக்கும் பக்கம் K7 போட்டு, சர்க்ளிப்பால் பேரிங்கைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். மறு பக்கம் H7, பேரிங் நகர இரு புறமும் ஒரு மில்லிமீட்டர் இடம். அட்டவணையின் கடைசிப் பத்தியில், சுத்தியல்களைச் சமன் செய்யாவிட்டால் H7 பக்கம் மறுபடி தேயும் என்று எழுதினேன். புதூர் மாமா இரண்டு பக்கமும் K7 என்கிறார், அதையும் அவர் சொன்ன காரணத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். நேர்காணலில் இதைக் கேட்டால் இரண்டையும் சொல்வேன்.

வரும் திங்கள்கிழமை ஓசூரில் ஒரு நேர்காணல். மூன்று A3 தாள், பஞ்ச் புள்ளிப் படம், விளாங்குடி அக்கா அனுமதி கொடுத்ததால் பெல்ட் கார்டோடு இணைந்த அசெம்பிளி. கார்டை வரைந்தது அவர் என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறேன். ரோபோ கையை எடுத்துவிட்டேன், அதில் எனக்குத் தெரியாத அளவுகள் நிறைய இருக்கின்றன. அதற்குப் பதிலாகப் புல்லியை மூன்றாவதாக வரைந்தேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். அடித்தட்டிலிருந்து துளை மையம் வரை உயரத்துக்கு ±0.05 கொடுத்தேன். இரண்டு ஹவுசிங்கும் எதிரெதிர்த் திசையில் பிசகினால் 280க்கு 0.1 சாய்வு வருமே, அதை 6205 தாங்குமா?

கப்பலூர் வடிவமைப்பாளர் | ஜூன் 26, காலை 6.30

280க்கு 0.1 என்றால் ஏறத்தாழ 1.2 நிமிடக் கோணம். ஆழ்காடிக் குண்டு பேரிங்குக்கு சில நிமிடங்கள் வரை அனுமதி உண்டு, ஆகவே தாங்கும். ஆனால் அடிச்சட்டத்தின் மேற்பரப்பு சமமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். மில்லில் அந்தச் சட்டம் ஆங்கிளை வெல்டு வைத்து ஒட்டியதா, இல்லை மேலே மெஷினிங் செய்ததா?

திருமங்கலம் டிப்ளமோ | ஜூன் 26, காலை 7.10

வெல்டு வைத்தது, சார். மேலே எதுவும் செய்யவில்லை. ஒரு பக்கம் தகரத் துண்டு வேறு சொருகியிருக்கிறார்கள்.

கப்பலூர் வடிவமைப்பாளர் | ஜூன் 26, காலை 7.25

அந்தத் தகரத் துண்டின் தடிமனையும் அளந்து, அது எந்தப் பக்கம் இருந்தது என்பதோடு அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதூர் லேத் | ஜூன் 26, பகல் 12.45

சனிக்கிழமை மில்லுக்கு விடுமுறை. ஹவுசிங் இரண்டையும் குடைந்து ஸ்லீவ் போடப் போகிறேன், மில்காரர் ஒத்துக்கொண்டார். தம்பி, உன் வரைபடத்தை எடுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கு வந்துவிடு. ஒரு பக்கம் உன் அளவு, ஒரு பக்கம் என் அளவு.